ஐவர் தற்காப்பை உடைப்பது எப்படி? ஓரத்து சென்டர் பேக்கைக் குழப்பும் முழுமையான வழிகாட்டி

கால்பந்தில் எதிரணி ஐந்து பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு, அவர்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேரை நிறுத்தி, பெனால்டி பெட்டிக்கு வெளியே இருபது மீட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். பந்து முழுக்க நம்மிடம் இருக்கும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தள்ளிக்கொண்டே இருப்போம். அறுபதாவது நிமிடத்துக்கு மேல் பொறுமை போய்விடும். ஃபுல் பேக் முப்பத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து கிராஸைத் தூக்கிப் போடுவார். மூன்று உயரமான சென்டர் பேக்குகள் அதைத் தலையால் முட்டி வெளியே அனுப்புவார்கள். அடுத்த கிராஸ், அடுத்த முட்டல். கடைசியில் ஒரு எதிர்த்தாக்குதலில் நாம் கோல் வாங்குவோம்.

நான் பயிற்றுவித்த இளைஞர் அணிக்கு இது நடந்திருக்கிறது. ஒருமுறை அல்ல, ஒரே பருவத்தில் மூன்று முறை. அந்த மூன்று ஆட்டங்களின் பதிவையும் திரும்பத் திரும்பப் பார்த்தபோது தெரிந்தது ஒன்றுதான். எங்கள் பையன்கள் ஐந்து பேரையும் ஒரே சுவராகப் பார்த்து அதன் மேல் மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் எந்தக் கல் தளர்ந்தது என்று யாரும் தேடவில்லை.

தளர்ந்த கல் ஓரத்து சென்டர் பேக். மூன்று சென்டர் பேக்குகளில் நடுவில் நிற்பவரை விட்டுவிடுங்கள், அவருடைய வேலை எளிது. இடமும் வலமும் நிற்கும் இருவருக்குத்தான் ஆட்டம் முழுக்க ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது: ஐவர் கோட்டின் கடைசி ஓரத்தில் நிற்கும் விங் பேக்குக்கு உதவியாக வெளியே போவதா, பெட்டிக்குள்ளேயே நிற்பதா? இந்தக் கேள்வியை அவரிடம் அடிக்கடி, அவருக்கு யோசிக்க நேரம் தராமல் கேட்பதுதான் இந்த வழிகாட்டியின் மொத்த வேலை. ஓரத்தில் ஆள் கூட்டுவது, நடுகளத்திலிருந்து தாமதமாக ஓடி வருவது, பந்தைப் பொறுமையாகப் பக்கம் மாற்றுவது ஆகிய மூன்றும் அந்த ஒரே கேள்வியைக் கேட்கும் மூன்று விதங்கள்.

முதலில் அளவைப் பாருங்கள்

வழக்கமான மைதானத்தின் அகலம் 68 மீட்டர். பெனால்டி பெட்டியின் அகலம் 40.32 மீட்டர். ஐந்து பேர் பெட்டியின் அகலத்துக்குச் சமமாகப் பரவி நின்றால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே சுமார் பத்து மீட்டர். நடைமுறையில் இன்னும் நெருங்கி, ஏழு எட்டு மீட்டர் இடைவெளியில் நிற்பார்கள். அந்த நிலையில் அவர்களுக்கு நடுவே ஊடுருவும் பாஸான த்ரூ பால் போடுவது ஏறக்குறைய வீண். இரண்டு எட்டு வைத்தால் அவர்கள் பந்தைத் தொட்டுவிடுவார்கள்.

ஆனால் பெட்டியின் விளிம்பிலிருந்து பக்கக் கோடு வரை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 14 மீட்டர் இருக்கிறது. நம் விங்கர் பக்கக் கோட்டை மிதித்துக்கொண்டு பந்தை வாங்கினால், விங் பேக் அந்த 14 மீட்டரைக் கடந்து அவரிடம் போக வேண்டும். அவர் போன கணத்தில் அவருக்கும் ஓரத்து சென்டர் பேக்குக்கும் நடுவே இருந்த எட்டு மீட்டர் பதினைந்தாகிறது. இந்த இடைவெளியைச் சந்து என்று வைத்துக்கொள்வோம். கோல்கள் பிறக்கும் இடம் இந்தச் சந்துதான். ஐவர் தற்காப்பை அதன் நடுவில் உடைக்க முடியாது. இந்தச் சந்து வழியாக நுழைந்து, அதன் பின்பக்கம் போய், அங்கிருந்து நடுவுக்குத் திரும்ப வேண்டும்.

முன்னால் நிற்பவர்கள் நான்கா, மூன்றா?

தாக்குதலைத் திட்டமிடும் முன் ஐவருக்கு முன்னால் நிற்பவர்களை எண்ணுங்கள். இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் தப்பாகப் போகும்.

5-4-1, அதாவது ஐவருக்கு முன்னால் நால்வரும் அவர்களுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரைக்கரும் என்றால் ஒவ்வொரு ஓரத்திலும் விங் பேக்கும் அவருக்கு முன்னால் ஒரு விங்கரும், ஆக இருவர் இருக்கிறார்கள். அங்கே இருவரைக் கொண்டு போனால் நமக்கு ஆதாயம் இல்லை. மூவர் வேண்டும். நமக்குப் பின்னால் எதிரணியின் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் மட்டும் இருப்பதால் மூன்றாமவரை அனுப்புவதில் பெரிய ஆபத்தும் இல்லை.

5-3-2 என்றால் கதை வேறு. அங்கே ஓரத்தில் விங் பேக் தனி ஆள். முன்னால் இருக்கும் மூன்று நடுகள வீரர்கள் 68 மீட்டரையும் மாறி மாறி மூட வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு எதிராகப் பந்தைப் பக்கம் மாற்றுவதே பெரிய ஆயுதம். இரண்டு மூன்று முறை மாற்றினால் அந்த மூவரில் ஒருவர் கட்டாயம் தாமதமாவார். ஆனால் எதிரே இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் இருக்கிறார்கள் என்பதால் பின்னால் மூவரையாவது வைத்திருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் 5-4-1 பற்றியே பேசுகிறேன். அதுதான் கடினமான பூட்டு, நாம் அதிகம் சந்திப்பதும் அதுதான்.

தாக்குவதற்கு முன் யார் எங்கே?

நாம் 4-3-3 ஆடுவதாக வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் தாக்கப் போகிறோம். வலது ஃபுல் பேக் இரண்டாம் எண், வலது விங்கர் ஏழு, வலது நடுகள வீரர் எட்டு, பின்னால் நங்கூரமாக நிற்பவர் ஆறு, இடது நடுகள வீரர் பத்து, ஸ்ட்ரைக்கர் ஒன்பது, இடது விங்கர் பதினொன்று.

ஓரத்தில் பந்தைக் கொண்டுபோகும் மூவரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பந்து இல்லாமல் நிற்கும் இருவர்தான் அந்த மூவருக்கு இடம் கொடுக்கிறார்கள். ஒன்பது நடு சென்டர் பேக்கின் முதுகை ஒட்டி, கடைசிக் கோட்டில் நிற்க வேண்டும். பந்து வேண்டும் என்று கீழே இறங்கி வரக் கூடாது. அவர் இறங்கினால் நடு சென்டர் பேக்குக்கு வேலை இல்லாமல் போய்விடும், உடனே அவர் ஓரத்து சென்டர் பேக்கின் பின்னால் காவலாக நிற்பார், சந்து மூடிக்கொள்ளும். அதேபோல் பதினொன்று எதிர்ப்பக்கக் கோட்டை விட்டு அசையக் கூடாது. அவர் அங்கே இருப்பதால்தான் எதிர்ப்பக்க விங் பேக் முழுக்க உள்ளே சுருங்கத் தயங்குவார். இந்த இருவரும் பத்து நிமிடம் பந்தைத் தொடாமல் நிற்க நேரலாம். இளம் வீரர்களுக்கு இது மிகவும் கடினம். இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லி, ஆட்டத்தின்போது அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

பின்னால் நான்கு, ஐந்து ஆகிய இரு சென்டர் பேக்குகளும், சற்று உள்ளே தள்ளி வந்த இடது ஃபுல் பேக்கும் நடுக்கோட்டுக்கு அருகே எதிரணி ஸ்ட்ரைக்கரைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் அவரைத் தொடும் தூரத்தில், மற்றவர்கள் அவருக்குப் பின்னால். பந்து போனதும் முதல் பாஸை அந்த ஸ்ட்ரைக்கர் நிம்மதியாக வாங்க விடக் கூடாது.

ஓரத்தில் மூவர்: ஒரே ஒரு தாக்குதலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம்

நான்காம் எண் பந்தை இரண்டுக்குத் தருகிறார். இரண்டு பக்கக் கோட்டிலிருந்து பத்து மீட்டர் உள்ளே நிற்கிறார். எதிரணியின் இடது விங்கர் அவரை நோக்கி வருகிறார். இதுதான் முதல் தூண்டில். அவர் வராவிட்டால் இரண்டு பந்தோடு நடந்து முன்னேற வேண்டும், யாராவது வரும் வரை. யாரும் வராதபோது அவசரமாகப் பாஸ் செய்வது நம் பக்கம் நடக்கும் முதல் தவறு. நடந்தால் யாராவது வந்துதான் ஆக வேண்டும், வந்தவர் விட்டுவந்த இடம் நமக்கு.

விங்கர் வந்ததும் இரண்டு பந்தை ஏழுக்கு அனுப்புகிறார். ஏழு பக்கக் கோட்டின் மேல் நிற்கிறார், உடலைத் திறந்து வைத்து, முன்காலுக்கு வாங்குகிறார். இடது விங் பேக் அவரிடம் ஓடி வருகிறார். இப்போது எட்டு எங்கே? எதிரணியின் விங் பேக், ஓரத்து சென்டர் பேக், அவர்கள் பக்கத்து நடுகள வீரர் ஆகிய மூவருக்கும் நடுவே, பெட்டியின் மேல்கோட்டுக்குச் சமமாக. அந்த மூவரில் யாருக்கும் அவர் முழுக்கச் சொந்தம் இல்லை. இப்படி நிற்பதே பாதி வெற்றி.

விங் பேக் ஏழாம் எண்ணை நோக்கிக் கடைசி அடி வைக்கும்போது எட்டு சந்துக்குள் ஓடுகிறார். நேராக அல்ல, சற்று வெளிப்பக்கம் சாய்ந்து, கோல் கோட்டை நோக்கி. இப்போது எதிரணிக்கு மூன்றே வழிகள்.

முதல் வழி, யாரும் எட்டோடு போகவில்லை. ஏழு பந்தைச் சந்தில் நழுவ விடுகிறார். எட்டு பெட்டிக்குள் கோல் கோட்டுக்கு அருகே பந்தோடு நிற்கிறார். இதைவிட நல்ல இடம் இந்த ஆட்டத்தில் கிடைக்காது.

இரண்டாவது வழி, ஓரத்து சென்டர் பேக் எட்டைத் துரத்திக்கொண்டு போகிறார். அவர் விட்டுப்போன இடம் பெட்டியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே திறந்து கிடக்கிறது. ஏழு முன்னால் போடக் கூடாது. உள்ளே நகர்ந்து வந்திருக்கும் இரண்டுக்குத் திருப்பித் தர வேண்டும். இரண்டு ஒரே தொடுதலில் அந்தத் திறந்த இடத்துக்குள் பந்தைப் போட, அங்கே பத்து ஓடி வருகிறார். நடு சென்டர் பேக் அவரைத் தடுக்க வெளியே வர முடியாது, ஒன்பது அவருடைய முதுகில் இருக்கிறார்.

மூன்றாவது வழி, எதிரணியின் நடுகள வீரர் எட்டோடு திரும்பி ஓடுகிறார். அனுபவமுள்ள அணிகள் பெரும்பாலும் இதைத்தான் செய்யும், ஏனென்றால் இதில் ஐவர் கோடு குலையாது. ஆனால் அவர் போனதும் பெட்டியின் முகப்பில் இருந்த இருவரில் ஒருவர் குறைந்துவிட்டார். ஏழு பந்தை இரண்டுக்கோ ஆறுக்கோ திருப்பினால், பெட்டியின் முகப்பில் சுடவோ பக்கம் மாற்றவோ தாராளமான இடம் இருக்கும்.

வீரர்களுக்கு இந்த மூன்றையும் மனப்பாடமாகக் கொடுக்காதீர்கள். ஏழிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: எட்டு ஓடும்போது பந்தைப் பார்க்காதே, அவனோடு யார் ஓடுகிறார்கள் என்று பார். அதற்கு ஏழின் முதல் தொடுதல் நன்றாக இருக்க வேண்டும். தொடுதல் தப்பினால் அவர் கண் பந்தின் மேலேயே இருக்கும், அந்த ஒரு விநாடியில் சந்து மூடிவிடும். தொழில்நுட்பக் குறை இங்கே வியூகக் குறையாகத் தெரியும். வியூகத்தை மாற்றுவதற்கு முன் முதல் தொடுதலைச் சரிபாருங்கள்.

ஓவர்லாப் கூடாதா என்று கேட்பார்கள். கூடும், ஆனால் ஐவருக்கு எதிராக அது இரண்டாம் தரம். இரண்டு வெளிப்பக்கமாக ஏழைத் தாண்டி ஓடினால் விங் பேக் இன்னும் வெளியே போவார், பந்தும் பக்கக் கோட்டுக்கே போகும். அங்கிருந்து கிராஸ்தான் வரும். உள்பக்கமாகச் சந்துக்குள் ஓடும் ஓட்டம் மட்டுமே ஓரத்து சென்டர் பேக்கை முடிவெடுக்க வைக்கிறது.

கட்பேக்கும் தாமதமாக வரும் ஆளும்

எட்டு கோல் கோட்டுக்கு அருகே பந்தோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? தற்காப்பு வீரர்கள் எல்லோரும் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஐவர் கோடு ஆறு கெஜப் பெட்டி வரை அமிழ்ந்துவிடும். ஆள் அதிகம் என்பதால் ஐவர் இன்னும் ஆழமாக அமிழ்வார்கள், இது அவர்களுடைய இயல்பு. முன்னால் இருந்த நால்வர் திரும்பி வந்து சேரவில்லை. ஆக, பெனால்டி புள்ளிக்கும் பெட்டியின் மேல்கோட்டுக்கும் நடுவே ஐந்தாறு மீட்டருக்கு ஒரு காலி இடம் ஒன்றிரண்டு விநாடிகளுக்குத் திறக்கிறது. கோல் கோட்டுக்கு அருகிலிருந்து பின்னோக்கித் தரும் பாஸான கட்பேக் போக வேண்டிய இடம் அது. பந்துக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதால் அங்கே வருகிறவர் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டியதும் இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் 2023 ஜூன் 10 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இன்டர் மிலன் தற்காப்பில் ஐவராக நின்றது. டார்மியன், அசெர்பி, பஸ்தோனி ஆகிய மூவர் நடுவில், டம்ஃப்ரீஸும் டிமார்கோவும் விங் பேக்குகள். மான்செஸ்டர் சிட்டி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் திணறியது. கெவின் டி புருய்னே முதல் பாதியிலேயே காயத்தால் வெளியேறிவிட்டார். 68-வது நிமிடத்தில் சென்டர் பேக்கான மனுவேல் அகாஞ்சி பந்தோடு முன்னேறி, பெட்டியின் வலப்பக்கத்தில் பின்னால் ஓடிய பெர்னார்டோ சில்வாவுக்குப் போட்டார். சில்வா பந்தைப் பின்னோக்கி இழுத்துவிட்டார். அது அசெர்பியின் மேல் பட்டு, ஓடி வந்த ரோட்ரியின் பாதைக்கு வந்தது. அவர் பக்கவாட்டுப் பாதத்தால் அமைதியாக உள்ளே தள்ளினார். ஆட்டம் 1-0. அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதல் இடைவெளியைத் திறந்தவர் பின்னாலிருந்து பந்தைச் சுமந்து வந்த தற்காப்பு வீரர், கோல் அடித்தவர் அணியிலேயே மிகப் பின்னால் நிற்கும் நடுகள வீரர். இன்டரின் ஐவரும் அப்போது கோலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். ரோட்ரியை எடுக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்ல.

தாமதமாக என்றால் எவ்வளவு தாமதம் என்பதுதான் கற்றுக்கொடுக்கக் கடினமான பகுதி. என் அணியில் பத்தாம் எண்ணில் ஆடிய பையன் ஒருவன் எப்போதும் சீக்கிரம் ஓடிப் பெட்டிக்குள் போய் நின்றுவிடுவான். அங்கே நின்றபடி கையைத் தூக்குவான். கட்பேக் அவனுக்குப் பின்னால் போகும். ஒருநாள் பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான், “எப்போ கிளம்பணும் கோச்? நான் நின்னா லேட் ஆயிடுது, ஓடினா முன்னாடி போயிடறேன்.” நான் சொன்னேன், “எட்டோட தலையைப் பாரு. பந்தைக் கடைசியா முன்னாடி தட்டும்போது தலை குனியும். அது குனிஞ்சா கிளம்பு. அதுவரைக்கும் நடந்துட்டே இரு.” அடுத்த வாரப் பயிற்சியில் அவன் கண் பந்தை விட்டு எட்டின் தலைக்குப் போனது எனக்கே தெரிந்தது.

அந்தக் குனிதல் ஏன் முக்கியம் என்றால், பந்தைக் கடைசியாகத் தட்டியதிலிருந்து பாஸ் போய்ச் சேரும் வரை ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். பெட்டியின் மேல்கோட்டுக்கு ஐந்தாறு மீட்டர் வெளியே மெதுவாக நடந்துகொண்டிருந்தவர் அந்த நேரத்தில் வேகம் எடுத்துப் பெனால்டி புள்ளிக்கு அருகே வந்துவிடுவார். வரும்போது வேகத்தில் இருப்பார். அவரைத் தடுக்க வேண்டியவர் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். வித்தியாசம் அதுதான்.

தொடக்க இடமும் முக்கியம். எதிரணி நடுகள வீரரின் கண்ணுக்கு முன்னால் நிற்காதீர்கள். அவருடைய தோளுக்குப் பின்னால், அவர் பந்தையும் உங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத இடத்தில் இருங்கள். பந்து ஓரத்துக்குப் போகும்போது அவர் தலை அந்தப் பக்கம் திரும்பும். அப்போது நீங்கள் அவர் உலகத்திலேயே இல்லை.

பெட்டிக்குள் மற்றவர்கள் செய்ய வேண்டியது இது. ஒன்பது அருகிலுள்ள கம்பத்தை நோக்கிக் கூர்மையாக ஓடி நடு சென்டர் பேக்கை இழுத்துக்கொண்டு போவார். பதினொன்று தூரக் கம்பத்துக்கு வருவார். பத்து பெனால்டி புள்ளிக்கு. ஆறு பெட்டியின் வளைவில், தட்டி வெளியே வரும் பந்துக்காக. பத்தும் ஆறும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் கோலும் கிடைக்காது, பின்னால் காவலும் இருக்காது. அதனால் ஆறு பெட்டிக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பக்கம் மாற்றுதல்: முதல் மாற்றம் இரைதான்

மேலே சொன்ன தாக்குதல் முதல் முயற்சியிலேயே வேலை செய்யாது. பல நேரம் ஏழு பந்தை வாங்கும்போது எதிரணி சரியாக மூன்றுக்கு மூன்று ஆளை நிறுத்தியிருக்கும். அப்போது வலிந்து போகாமல் பந்தைத் திருப்ப வேண்டும். இரண்டு, நான்கு அல்லது ஆறு, ஐந்து, இடது ஃபுல் பேக், பதினொன்று என்று எதிர்ப்பக்கம் போகிறது.

இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பந்து வலப்பக்கம் இருக்கும்போது எதிர்ப்பக்க விங் பேக் தூரக் கம்பம் வரை உள்ளே வந்திருக்கலாம். தூரக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கக் கோடு வரை 30 மீட்டர் இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஒரே உதையில் பந்தைத் தூக்கி அனுப்பத் தோன்றும். ஆனால் நாற்பது மீட்டருக்கும் அதிகமான தூரத்தை வானத்தில் மிதந்து கடக்கும் பந்து இறங்க மூன்று விநாடி ஆகும். அதைக் கட்டுக்குள் கொண்டுவர இன்னொரு விநாடி. அதற்குள் விங் பேக் வந்து நின்றிருப்பார், அவருக்கு முன்னால் இருக்கும் விங்கரும் வந்திருப்பார். நெஞ்சு உயரத்தில் வேகமாக, நேராகப் போகும் உதையை அடிக்கத் தெரிந்தவர் உங்களிடம் இருந்தால் மட்டும் நீளமாகப் போங்கள். இல்லையென்றால் தரையில், நான்கு பாஸில், ஒவ்வொன்றும் அழுத்தமாக. பொறுமை என்பது மெதுவாக ஆடுவது அல்ல. பந்து வேகமாகப் போக வேண்டும், முடிவில் மட்டும் அவசரம் கூடாது.

5-4-1க்கு எதிராக முதல் பக்க மாற்றம் கோல் தராது. அது அவர்களை ஓட வைக்கும், அவ்வளவுதான். ஒன்பது பேரும் பதினைந்து மீட்டர் பக்கவாட்டில் நகர்கிறார்கள். அவர்கள் நகர்ந்து நிற்கும் அந்த நொடியில் மீண்டும் திருப்ப வேண்டும். இரண்டாவது, மூன்றாவது மாற்றத்தில்தான் யாராவது ஒருவர் ஓடாமல் நடப்பார். பெரும்பாலும் அது விங்கராகத்தான் இருக்கும், ஏனென்றால் தற்காப்பில் அதிகத் தூரம் அலைபவர் அவர். விங்கர் நடந்தால் அந்த ஓரத்தில் விங் பேக் தனி ஆள். உடனே மூவரும் அங்கே பாயலாம்.

இன்னொரு வகை எனக்கு மிகவும் பிடித்தது, பாதி மாற்றம். பந்து வலமிருந்து ஆறு வரை போகிறது. ஆறு இடப்பக்கம் உடலைத் திருப்புகிறார். எதிரணி முழுவதும் அந்தப் பக்கம் சாய்கிறது. அவர் மீண்டும் வலப்பக்கம், இரண்டுக்கே தருகிறார். சில நொடிகளுக்கு முன் மூன்று பேர் காவல் இருந்த இடத்தில் இப்போது ஒருவர்தான். ஓரத்து சென்டர் பேக் நடுவை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பார், இடுப்பும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். எட்டு சந்துக்குள் ஓட வேண்டிய கணம் இதுதான். தற்காப்பு வீரரின் காலைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்கப் பழக்குங்கள். இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடுபவரைப் பிடிக்க அவருக்கு ஒரு முழுத் திருப்பம் தேவைப்படும்.

எங்கே கெட்டுப்போகிறது, வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தில் மூவரும் ஒருவருக்கொருவர் ஐந்து மீட்டருக்குள் நின்று சின்னச் சின்னப் பாஸ்களாக ஆடிக்கொண்டிருந்தால் அது ஆள்பலம் அல்ல, நெரிசல். எதிரணியின் இரண்டு பேரே மூவரையும் மூடிவிடுவார்கள். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்க வேண்டும். அதைப் பார்க்க எளிய வழி, எதிரணி விங் பேக்கைக் கவனிப்பது. அவர் ஒரே இடத்தில் நின்றபடி இருவரைச் சமாளிக்கிறார் என்றால் நம் ஆட்கள் நெருங்கிவிட்டார்கள்.

இரண்டாவது, எட்டின் ஓட்டத்துக்குப் பந்து வரவில்லை என்றால் அவர் இரண்டு முறை ஓடிவிட்டு மூன்றாவது முறை நின்றுவிடுவார். அந்த ஓட்டம் பந்து வாங்குவதற்கு மட்டும் அல்ல, யாரையாவது இழுத்துக்கொண்டு போவதற்கு என்று அவருக்குப் புரிய வேண்டும். இடைவேளையில் ஒரே ஒரு காட்சியைக் காட்டினால்கூடப் போதும், ‘நீ ஓடினாய், அவன் உன் பின்னால் வந்தான், இரண்டுக்கு இடம் கிடைத்தது’ என்று.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கட்பேக் தடுக்கப்பட்டுப் பந்து வெளியே வரும்போது ஆறு பெட்டிக்குள் இருந்தால், எதிரணியின் முதல் பாஸ் அவர்களுடைய ஸ்ட்ரைக்கருக்குச் சுதந்திரமாகப் போகும். நாங்கள் தோற்ற மூன்று ஆட்டங்களில் இரண்டில் கோல் இப்படித்தான் விழுந்தது. தட்டிய பந்து வளைவுக்கு வந்தது, அங்கே ஆள் இல்லை.

எதிரணியும் சும்மா இருக்காது. நல்ல பயிற்றுநர் இடைவேளையில் ஓரத்து சென்டர் பேக்கிடம் ‘என்ன நடந்தாலும் வெளியே போகாதே’ என்று சொல்லி, நடுகள வீரரை எட்டோடு ஓட வைப்பார். அதை இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். எட்டு ஓடும்போது யார் துரத்துகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். மூன்று முறையும் நடுகள வீரரே துரத்தினால் கட்பேக்கைத் தேடாதீர்கள். பெட்டியின் முகப்பு காலியாக இருக்கிறது, பத்தை அங்கேயே நிற்க வைத்து, திரும்பி வரும் பந்தை அவரிடம் கொடுங்கள். அவர் சுடத் தொடங்கினால் சென்டர் பேக் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அப்போது ஒன்பதின் முறை வரும்.

பயிற்சியில் எப்படி வைப்பது?

அரை மைதானம். எதிரே ஐந்து, முன்னால் நான்கு, கோல்கீப்பர். நம் பக்கம் ஒன்பது பேர். எதிரணி பந்தைப் பிடித்தால் நடுக்கோட்டில் வைத்த இரண்டு சிறிய கோல்களில் ஒன்றில் போடலாம், இதனால் பின்காவலும் பழகும். முதல் பதினைந்து நிமிடத்துக்கு ஒரே விதி: பந்து இரண்டு ஓரங்களையும் தொட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகலாம். அடுத்த பதினைந்து நிமிடத்தில் அந்த விதியை எடுத்துவிட்டு, கட்பேக்கிலிருந்து வரும் கோலுக்கு மட்டும் இரண்டு புள்ளி கொடுங்கள். தூக்கிப் போடும் கிராஸைத் தடை செய்ய வேண்டாம். தடை செய்தால் எதிரே இருப்பவர்கள் அதை எதிர்பார்க்காமல் நிற்பார்கள், பயிற்சி பொய்யாகிவிடும்.

ஐவராக நிற்கும் பக்கத்துக்கு உங்கள் முதல் அணியின் எட்டாம் எண்ணையும் பத்தாம் எண்ணையும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள், ஓரத்து சென்டர் பேக் இடத்தில். என் பத்தாம் எண் பையன் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து சொன்னான், “ரெண்டு பேரு ஒரே நேரத்துல கூப்பிடுற மாதிரி இருக்கு கோச், எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல.” அதற்குப் பிறகு அவனுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.